வசனமே இல்லாத குறும்படம்: வேலை போய்விட்டது என்பதை எப்படிக் காட்டுவது?

தெருமுனை | மார்ச் 3, இரவு 10.40

எட்டு நிமிடக் குறும்படம். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டிதான் களம். கம்பெனி வேலைக்குப் போகும் ஒருவருக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். இது தெரிந்த ஒரே ஆள் இஸ்திரிக்காரர். கதை இவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட்டைப் படித்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். லீவு போட்டிருக்கிறார் என்கிறார் ஒருவர். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்கிறார் இன்னொருவர். வேலை போனது யாருக்கும் புரியவில்லை. அதனால் வேலை நீக்கக் கடிதத்தை ஒரு க்ளோசப்பில் காட்டலாம் என்று சேர்த்தேன். சேர்த்த நாளிலிருந்து அது உறுத்துகிறது. கடிதம் இல்லாமல் இதைச் சொல்ல முடியுமா?

சினிமா ராஜா | மார்ச் 3, இரவு 11.15

கடிதத்தைத் தூக்குங்கள். எழுத்து வந்தாலே அது வசனம்தான். சத்தமும் வேண்டாம், பின்னணி இசை மட்டும் போதும். "பேசும் படம்" அப்படித்தானே வந்தது. நடிகர் முகத்திலேயே எல்லாம் தெரிய வேண்டும். நல்ல நடிகராகப் பிடியுங்கள், வேலை போனது கண்ணிலேயே தெரியும்.

எடிட் மேசை | மார்ச் 4, காலை 6.50

ராஜா, கடிதம் வேண்டாம் என்பது சரி. மற்றது சரியில்லை.

"பேசும் படம்" 1987இல் வந்தது. அதில் வசனம்தான் இல்லை, சத்தம் நிறைய உண்டு. தியேட்டர் பக்கத்தில் குடியிருந்து அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகியவன், பெரிய ஓட்டல் அறையின் அமைதியில் தூக்கம் வராமல் தவிப்பான். கடைசியில் அந்த இரைச்சலை டேப்பில் பதிந்து கொண்டுவந்து போட்டுக்கொண்டு தூங்குவான். சத்தத்தை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே கிடையாது. எழுத்தையும் பாருங்கள். நாயகி எழுதிய காகிதம் அவன் கைக்குக் கிடைக்காமல் சாக்கடைக்குப் போய்விடும். அதில் என்ன எழுதியிருந்தது என்று நாம் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, போய்விட்டது என்பதுதான் விஷயம்.

முகத்தை நம்பியும் இருக்காதீர்கள். சோகம் முகத்தில் வரும், சோகத்தின் காரணம் வராது. பல்வலி, கடன், காதல் தோல்வி, வேலை போனது, நாலுக்கும் ஒரே முகம்தான்.

தெருமுனை, உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படம் "இருக்கிறது" என்று சொல்லும். "இல்லை" என்று சொல்லத் தெரியாது. பார்க்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டலாம், வேலைக்குப் போகவில்லை என்று காட்ட முடியாது. ஒன்று இல்லை என்று பார்ப்பவர் உணர வேண்டுமென்றால், அது தினமும் அங்கே இருந்ததை முதலில் பழக்கியிருக்க வேண்டும். பழக்கத்தைக் கட்டிவிட்டு உடைத்தால் "இல்லை" வந்துவிடும். உங்கள் ஸ்கிரிப்டில் அவர் வேலைக்குப் போன நாட்கள் எத்தனை காட்சி?

தெருமுனை | மார்ச் 4, காலை 9.05

ஒரே ஒரு ஷாட். ஐடி டேக் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்குகிறார், அவ்வளவுதான். மீதி எல்லாம் பார்க்.

எடிட் மேசை | மார்ச் 4, காலை 9.30

அதுதான். முதல் மூன்று நிமிடத்தை வேலை இருந்த நாட்களுக்குக் கொடுங்கள். பயப்படாதீர்கள், ஒரே பழக்கத்தை ஒரே அளவில் திரும்பக் காட்ட வேண்டியதில்லை. முதல் தடவை முழுசாக நாற்பது நொடி. இரண்டாம் தடவை பதினைந்து நொடி, வேறு கோணத்தில். மூன்றாம் தடவை சத்தம் மட்டும் வந்தால் போதும், மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். நான்காவது தடவை அந்தச் சத்தம் மாறட்டும்.

மல்லிகா டீச்சர் | மார்ச் 4, மாலை 4.20

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஊமை நாடகம் போடுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். போன வருஷம் குடிப்பழக்கம் பற்றிப் போட்டோம், பாட்டிலைக் கையால் காட்டியதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். வேலை போய்விட்டது என்பதற்கு நெற்றியில் கை வைத்து, கையை விரித்துக் காட்டச் சொல்லலாமே. பின்வரிசை வரைக்கும் தெரியும்.

எடிட் மேசை | மார்ச் 4, மாலை 5.00

டீச்சர், மேடைக்கு அது சரி. மேடையில் பாட்டில் இல்லாமல் பாட்டிலைக் காட்ட வேண்டும். இங்கே நிஜப் பாட்டிலே கையில் இருக்கிறது. கேமரா அரையடி தூரத்தில் இருக்கும்போது கையை விரித்தால் பொய்யாகத் தெரியும். பொருளைத்தான் பேசவிட வேண்டும்.

தெருமுனை | மார்ச் 6, இரவு 11.30

இரண்டு நாளாக வண்டிக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கரி போடும் பித்தளைப் பெட்டிதான் வைத்திருக்கிறார். பல பேர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். படத்துக்குக் கரிதான் நல்லது, அதற்கு நிறைய சத்தம் இருக்கிறது. மூடியைத் திறக்கும் 'கிளிங்', சிரட்டைக்கரி வெடிக்கிற சின்னச் சின்ன ஓசை, சூடு பார்க்கத் தெளிக்கும் தண்ணீரின் 'சுர்'.

அவர் செய்கிற ஒரு காரியத்தை இவ்வளவு நாள் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு சட்டையையும் விரிப்பதற்கு முன்னால் பையில் இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறார். பேனா, சில்லறை, பஸ் டிக்கெட். கிடைப்பதை ஒரு டப்பாவில் போட்டு, மூட்டையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

இதை வைத்து எழுதியது:

காட்சி 2. தெருமுனை. காலை.
வெள்ளைச் சட்டை விரிகிறது. இரண்டு விரல் பைக்குள் போகிறது. ஐடி கார்டு, நீல டேக்கோடு வருகிறது. இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே பதறி ஓடிவருகிறார். கார்டு கைமாறுகிறது. அவர் சிரிக்கிறார்.
தூரத்தில் வேன் சத்தம். நெருங்குகிறது. வேகம் குறைகிறது. கதவு சரியும் ஓசை. அவர் ஓடி ஏறுகிறார். கதவு மூடும் 'டொம்'. வேன் போகிறது.

காட்சி 5. அதே இடம். காலை.
அவர் கழுத்தில் நீல டேக், நுனி சட்டைப் பைக்குள். வேன் சத்தம் தூரத்தில். அவர் சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பி, அடுக்கியிருக்கும் துணிகளில் எதையோ தேடுவது போல் நிற்கிறார். முகம் நம் பக்கம். முதுகுக்குப் பின்னால் வேன் மங்கலாகக் கடக்கிறது. வேகம் குறையவில்லை. சத்தம் தேய்ந்து மறைகிறது. அவர் டேக்கைக் கழற்றுகிறார். நுனியில் கொக்கி மட்டும். கார்டு இல்லை.

சினிமா ராஜா | மார்ச் 7, காலை 7.10

இறங்கி வந்து சொல்கிறேன், காட்சி 5 பிரமாதம். ஒரு ஓட்டை இருக்கிறது. வேலை போனவரைக் கூப்பிட வேன் எதற்கு அந்தத் தெருவுக்கு வரும்? இன்னொன்று, வேன் நிற்காமல் போனால் வீட்டில் மனைவிக்குக் கேட்காதா?

தெருமுனை | மார்ச் 7, காலை 8.00

காட்சி 2இல் வேனுக்குள் வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் காட்டிவிடுகிறேன். அடுத்த தெருவில் ஏற இன்னொருவர் இருக்கலாம், வேன் அதற்காகப் போகும். வீடு தெருவுக்கு உள்ளே, வேன் நிற்பது திருப்பத்தைத் தாண்டி. பால்கனியிலிருந்து பார்த்தால் அவர் திருப்பம் வரை நடந்து போவது மட்டும்தான் தெரியும். அதனால்தான் அதுவரை டேக் கழுத்தில் இருக்கிறது. இதற்கு மனைவி பால்கனியில் நின்று பார்க்கும் ஷாட் ஒன்று வேண்டும்.

ஒலிக்கூடம் | மார்ச் 7, பகல் 1.45

வேன் சத்தத்தை நம்பித்தான் படமே நிற்கிறது, அதனால் சொல்கிறேன். ஷூட்டிங் நாளில் வேன் ஓடும்போது பதிவதை நம்பாதீர்கள். மொபைலில் பதிந்தால் தெரு அமைதியாகும்போது தானாகவே ஒலி அளவைக் கூட்டிவிடும், வேன் வந்ததும் குறைத்துவிடும். தூரத்திலிருந்து நெருங்கி, நின்று, தேய்ந்து போவது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஏற்ற இறக்கமே காணாமல் போகும். அளவைக் கையால் நிறுத்தி வைக்கிற ரெக்கார்டரில், விடிகாலையில், வேனை மட்டும் தனியாக எடுங்கள். நின்று போவது ஒன்று, நிற்காமல் போவது ஒன்று. ஒரே வேன், ஒரே டிரைவர், ஒரே இடம். இரண்டும் வேறு வேறு வண்டி மாதிரி கேட்டால் "அதே வேன் நிற்காமல் போகிறது" என்பது காதில் விழாது.

அப்புறம், ஆட்கள் நடமாட்டம் இல்லாத வெறும் தெருச் சத்தத்தையும் இரண்டு மூன்று நிமிடம் பதிந்து வையுங்கள். வேன் போன பிறகு வரும் இடைவெளியை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். ஒலியே இல்லாமல் விட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

எடிட் மேசை | மார்ச் 7, இரவு 9.20

சத்தத்தை ஸ்கிரிப்டில் தனி வரியாக எழுதியிருப்பது நல்ல வேலை. "சோகமான இசை" என்று எழுதுபவர்கள்தான் அதிகம். அப்படி எழுதினால் ஒலிப்பதிவு செய்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எது, எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே போகிறது என்று எழுதினால் வேலை நடக்கும்.

இப்போது பார்க். அங்கே வெறுமனே உட்கார்ந்திருக்கிறாரா?

தெருமுனை | மார்ச் 8, இரவு 12.10

பார்க்கை நேராகக் காட்டப் போவதில்லை. சட்டை வழியாக வரப் போகிறது. ஒரு வாரம் வரும் சட்டையின் முதுகில் பச்சைப் பட்டைகள், குறுக்கே, சம இடைவெளியில். இஸ்திரிக்காரர் விரலால் சுரண்டிப் பார்க்கிறார், பெயின்ட். புரியவில்லை. மறுநாள் கரி வாங்கப் போகும் வழியில் பார்க்கைக் கடக்கிறார். இரும்புப் பட்டை பெஞ்சுகளுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருக்கிறார்கள். அதே இடைவெளி. கடைசி பெஞ்சில் அவர், மடியில் சாப்பாட்டுப் பை.

முதலில் தடம், அப்புறம் காரணம். இஸ்திரிக்காரரோடு நாமும் சேர்ந்து கண்டுபிடிக்கிறோம்.

முடிவு: இஸ்திரிக்காரர் மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் கறையைத் தேய்த்து எடுத்து, மனைவிக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறார். சட்டை வெள்ளையாக வீட்டுக்குப் போகிறது.

மல்லிகா டீச்சர் | மார்ச் 8, காலை 6.15

தம்பி, துணி இஸ்திரிக்கு வருவதற்கு முன்னால் எங்கே துவைக்கிறார்கள்?

வீட்டில்தானே. அந்த அம்மா கையால் துவைத்தாலும் சரி, மெஷினில் போட்டு எடுத்துக் காயப்போட்டாலும் சரி, பச்சைக் கறையைப் பார்க்காமல் இருக்க முடியாது. பெயின்ட் தண்ணீரில் போகாது. அவர்தான் முதலில் பார்த்திருப்பார். நானாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பேன். ஆபீசில் ஏது பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்ச்?

தெருமுனை | மார்ச் 8, காலை 6.40

டீச்சர். காலையிலிருந்து இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சினிமா ராஜா | மார்ச் 8, காலை 10.00

எளிதாகச் சரிசெய்யலாம். சலவைக்கும் இஸ்திரிக்காரரே எடுத்துப் போகிறார் என்று வைத்துவிட்டால் ஓட்டை அடைந்துவிடும்.

எடிட் மேசை | மார்ச் 8, காலை 10.25

அடைக்காதீர்கள்! மனைவிக்குத் தெரியும் என்றால் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அவரும் தெரியாத மாதிரி நடிக்கிறார். ஒருவர் மறைக்கிறார், இன்னொருவர் அவர் மறைப்பதற்கு இடம் கொடுக்கிறார். மூன்றாவது ஆள் இரண்டையும் பார்க்கிறார். இதைச் சொல்ல ஒரு பொருள் வேண்டும்.

சத்யஜித் ராய் 1964இல் "டூ" என்று ஒரு குறும்படம் எடுத்தார். கறுப்பு வெள்ளை, சுமார் 12 நிமிடம், வசனமே இல்லை. மாடியில் ஒரு பணக்காரப் பையன், கீழே குடிசைப் பக்கம் ஒரு ஏழைப் பையன். இவன் புல்லாங்குழல் ஊதினால் அவன் பொம்மை ட்ரம்பெட் எடுத்து வருவான். இவன் மேளம் தட்டினால் அவன் மேளம் அடிக்கும் குரங்கு பொம்மைக்குச் சாவி கொடுப்பான். பொருளுக்குப் பொருள் பதில், பேச்சு போலவே போகும். இவன் பட்டம் விட்டதும் அவனிடம் அதற்கு ஈடாகப் பொம்மை இல்லை. ஏர்கன்னை எடுத்துச் சுட்டுவிடுவான். பட்டம் கிழிந்து விழும். எல்லாம் முடிந்தது என்று அவன் தன் பொம்மைகளிடம் திரும்பும்போது ஜன்னல் வழியாக மறுபடியும் அந்தப் புல்லாங்குழல்.

உங்கள் படத்திலும் பெயின்ட் என்பது கணவர் பக்கத்துப் பொருள், அவர் அறியாமல் சொல்லிவிட்டது. மனைவி பக்கத்திலிருந்து அதற்குப் பதிலாக ஒரு பொருள் வர வேண்டும்.

மல்லிகா டீச்சர் | மார்ச் 8, மாலை 6.30

நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்க மாட்டேன். கேட்டால் அவர் உடைந்துபோவார். சட்டை பாழாகிறதே என்று சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டை மடித்து வைத்துவிடுவேன். விரித்து உட்காரட்டும்.

எங்கள் வீட்டில் என் கணவரின் மில் மூடிய காலத்தில் இது நடந்திருக்கிறது. துண்டு இல்லை, வேறு பொருள். அதற்கு மேல் சொல்லவில்லை.

தெருமுனை | மார்ச் 9, அதிகாலை 2.20

எழுதிவிட்டேன். மண்ணெண்ணெய் போய்விட்டது.

காட்சி 9. தெருமுனை. மாலை.
மூட்டை அவிழ்கிறது. இஸ்திரிக்காரரின் விரல்கள் எண்ணுகின்றன. சட்டை, சட்டை, புடவை, யூனிஃபார்ம். கடைசியில் ஒரு கட்டம் போட்ட துண்டு. கை நிற்கிறது. புரட்டிப் பார்க்கிறார். வீட்டின் பக்கம் பார்க்கிறார். பால்கனியில் அவள். பார்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். தண்ணீர் தெளிக்கிறார். சுர். துண்டைத் தேய்க்கிறார்.

காட்சி 10. பார்க். பகல்.
சாப்பாட்டுப் பையின் ஜிப் சத்தம். டிபன் பாக்சுக்கு மேல் மடிப்புக் கலையாத கட்டம் போட்ட துண்டு. அவர் கை அதன் மேல் நிற்கிறது.

துண்டை யாரும் இஸ்திரிக்குக் கொடுக்க மாட்டார்கள். வண்டிக்காரரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். அதனால் மூட்டையில் ஒரு துண்டு வந்தாலே பார்ப்பவர் கவனிப்பார்.

எடிட் மேசை | மார்ச் 9, காலை 7.00

காட்சி 9 வேலை செய்ய, அதற்கு முன்னால் இரண்டு மூட்டைகளாவது துண்டு இல்லாமல் எண்ணப்பட வேண்டும். வேன் மாதிரியே இதற்கும் பழக்கம் கட்டுங்கள். வீட்டில் சின்ன டிவியில் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டுமென்றால் மற்ற துணி எல்லாம் ஒரே நிறமாக, கோடு கட்டம் இல்லாமல் இருக்கட்டும். துண்டு மட்டும் சிவப்புக் கட்டம்.

காட்சி 10 பற்றி எனக்குச் சந்தேகம். இதுவரை எல்லாவற்றையும் இஸ்திரிக்காரர் கண் வழியாகப் பார்த்தோம். சாப்பாட்டுப் பைக்குள்ளே அவரால் பார்க்க முடியாது. கடைசியில் மட்டும் கேமரா அவரை விட்டுவிட்டுப் போகிறது. நானாக இருந்தால், இஸ்திரிக்காரர் பார்க் வேலிக்கு வெளியே நடந்து போகும்போது பெஞ்சில் விரித்த துண்டை மட்டும் பார்க்க வைப்பேன். அவர் தேய்த்த மடிப்புக் கோடு அதில் தெரியும்.

சினிமா ராஜா | மார்ச் 9, காலை 8.30

இல்லை, இங்கே எனக்குத் தெருமுனை பக்கம்தான். துண்டைப் பார்க்கும் அந்த முகம் வேண்டும். மனைவிக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும் நொடி அதுதான். அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் படம் பாதியில் நின்ற மாதிரி இருக்கும். முகம் காரணம் சொல்லாது என்றீர்கள். இப்போது காரணம் நமக்குத் தெரியுமே. இனி முகம் பேசும்.

எடிட் மேசை | மார்ச் 9, காலை 9.15

அது நல்ல வாதம். ஆனாலும் நான் வேலிக்கு வெளியேதான் நிற்பேன்.

தெருமுனை | மார்ச் 12, இரவு 10.00

இரண்டு முடிவையும் எடுத்துப் பார்த்துவிடப் போகிறேன். அதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். மொபைலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு போட்டோ எடுத்து வரிசையாக வைத்து, வேன் சத்தத்தை மட்டும் சேர்த்து, கதை தெரியாத பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "புரிந்ததா?" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றேன். வேன் நிற்காத இடத்திலேயே "ஐயோ, வேலை போயிடுச்சா?" என்றார். கொக்கி வரைக்கும் போகவே இல்லை. துண்டு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

நேரக் கணக்குதான் இடிக்கிறது. ஸ்கிரிப்ட் ஐந்து பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் ஐந்து நிமிடம்தான் வர வேண்டும். நானே பெட்டியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு செய்கையையும் செய்து, கடிகாரம் வைத்துப் பார்த்தால் பத்தைத் தொடுகிறது.

எடிட் மேசை | மார்ச் 12, இரவு 10.40

வசனம் இல்லாத ஸ்கிரிப்டுக்கு அந்தப் பக்கக் கணக்கு பொருந்தாது. "துண்டைத் தேய்க்கிறார்" என்பது இரண்டு சொல், திரையில் இருபது நொடி. நீங்கள் செய்து பார்த்ததுதான் சரியான வழி. குறைக்க வேண்டுமென்றால் கொக்கி ஷாட்டை எடுத்துவிடுங்கள், அந்த அக்காவுக்கு அது தேவைப்படவில்லையே.

ஒலிக்கூடம் | மார்ச் 13, காலை 7.30

கொக்கியை எடுக்காதீர்கள். அது கதவில் உரசும்போது ஒரு சின்ன 'டிக்' வரும். மாலை அவர் வீட்டுக்குள் போகும்போது அதைக் கேட்க வைக்கலாம். மனைவி காதில் விழுகிற மாதிரி.

மல்லிகா டீச்சர் | மார்ச் 13, இரவு 8.10

சட்டையில் மட்டும் பெயின்ட் ஒட்டுமா, பேன்ட்டில் ஒட்டாதா?

தெருமுனை | மார்ச் 13, இரவு 9.45

யோசித்துவிட்டேன் டீச்சர். அன்றைக்கு முதுகு சாயும் பட்டைகளுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருப்பார்கள், உட்காரும் பகுதி இன்னும் பழைய துருவோடு இருக்கும். பெயின்டர் பெஞ்ச் அருகே குந்தி உட்கார்ந்து அடுத்த பட்டையை ஆரம்பிக்கிற மாதிரி ஒரு ஷாட். பேன்ட் கறுப்பு.

சட்டை ஒரே மாதிரி மூன்று வாங்குகிறேன்: தேய்த்தது ஒன்று, கசங்கியது ஒன்று, கறை பட்டது ஒன்று. கறையைக் கண்ணால் மதிப்பிட்டு வரைந்தால் பெஞ்சின் இடைவெளியோடு பொருந்தாது. அதனால் பட்டைகளில் சாக்பீஸ் பொடி தடவி, நடிகரைச் சட்டையோடு சாயவைத்து, பதிந்த கோடுகள் மேலேயே எனாமல் பூசி ஒரு முறை துவைத்துக் காயவைக்கப் போகிறேன். சனிக்கிழமை காலை பெஞ்சை அளக்கப் போகிறேன். ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.